ஒட்டுப்போட்ட ‘ங்க’

மொழிப் பயிற்சி நிலையத்தில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. செய்கிற வேலைக்குப் பொருந்திவிட்டதால் யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஆறு நிமிடப் பாட ஒலிப்பதிவிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. தமிழ் கற்க வந்தவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, பேசுகிறவருக்கு அரை நொடி பின்னாலேயே தாங்களும் சேர்ந்து சொல்வார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகத் திருப்பிச் சொல்வதல்ல இது. முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்தபடியே நடப்பது. அதனால் சொல்லோடு சேர்ந்து ராகமும் வாயில் ஒட்டிக்கொள்ளும். நல்ல ராகமென்றால் நல்லது. கெட்டதென்றால், கழுவினாலும் போகாது.

பதினான்காம் பாடம், வேலையிடம். மேற்பார்வையாளர் “இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போம்மா” என்பார். பணியாளர் பதில் சொல்வார்: “இல்லைங்க, இன்னிக்கு என்னால முடியாது.” பேசியிருந்தது காலை வகுப்பு டீச்சர். கோபமே இல்லாமல், கதவை அறையாமல் சாத்துகிற மாதிரி சொல்லியிருந்தார். கடைசி ‘முடியாது’ படி இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிடும்.

அங்கேதான் இயக்குநருக்கு உறுத்தியது. எதற்கெடுத்தாலும் மரியாதை மரியாதை என்பதால் அவருக்கும் மரியாதை என்றே பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

“முடியாதுன்னு மொட்டையா முடியுதேப்பா.”

“அது முடியாதுங்கிற வார்த்தை சார். முடியத்தான் செய்யும்.”

“கடைசியில ஒரு ‘ங்க’ இருக்கணும்.”

“முதல்லயே ‘இல்லைங்க’ இருக்கு.”

“முன்னாடி இருந்தா போதுமா? கும்பிட்டுட்டு உள்ள வந்தவன் கும்பிட்டுட்டுத்தானே வெளிய போகணும்?”

டீச்சர் ஊரில் இல்லை, மறுபடி பதிவு செய்ய முடியாது. இயக்குநரே முழுப் பதிவையும் கேட்டு, ஒரு ‘ங்க’வைக் கண்டுபிடித்தார். இரண்டாவது நிமிடத்தில் டீச்சர் “என்னங்க?” என்று கேட்கிற இடம். “ஆகா, எவ்வளவு இனிமையா இருக்கு பாரு. இதை எடுத்து அங்க ஒட்டு.”

அது கேள்வி, கடைசியில் குரல் மேலே ஏறுகிறது என்று கத்திரி சொன்னான். ஏறினால் நல்லதுதானே என்றார். வாக்கியத்துக்கு முன்னால் டீச்சர் இழுத்த மூச்சையும் எடுத்துவிடச் சொன்னார். மைக்கில் மூச்சு வாங்குவது அழகில்லையாம். கத்திரி மூச்சை வெட்டினான். ‘ங்க’வை ஒட்டினான். ஒட்டிய இடம் தெரியாதபடி இரண்டு துண்டையும் ஒரு இழையளவு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்தான். தையல் தெரியவே இல்லை. கைக்கு வேலை பிடித்துவிட்டால் மூளை மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும் என்பதை அன்று தெரிந்துகொண்டான்.

மறுநாள் காலை, வீட்டுச் சமையலறையில், அவன் செய்த குற்றம் அவனுக்கே கேட்டது.

அண்ணி வேற்று மொழிக்காரி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நாலு மணிக்கு முடியும். ஐந்துக்கு நிலையத்தில் தமிழ் வகுப்பு. ஆனால் மூன்று வாரமாக மேற்பார்வையாளர் அம்மா நாலு மணிக்குச் சரியாக வந்து “இன்னும் ரெண்டு மணி நேரம்” என்பார். அண்ணியிடம் இருந்த தமிழில் ‘சரிங்க’தான் அதிகம் தேய்ந்து பளபளத்தது. அதையே சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுவாள். இந்த வாரமும் வகுப்புக்கு வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கைபேசிக்கு வரும் ஒலித்துண்டுகள் மட்டும்தான் அவளுக்கு மிச்சம்.

இப்போது அவள் காதில் மாட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கியபடி சொல்லிக்கொண்டிருந்தாள்: “இல்லைங்க, இன்னிக்கு என்னால முடியாதுங்க?” முதல் சொல்லை ஒவ்வொரு முறையும் தவறவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். கடைசிச் சொல்லை மட்டும் அச்சுப் பிசகாமல் சொன்னாள். அனுமதி கேட்கிற மாதிரி.

“தம்பி, சரியா சொல்றேனா?”

“அதுல இருக்கிற மாதிரியே சொல்றீங்க அண்ணி,” என்றான். பொய் சொல்லவில்லை. தப்பே அந்தத் துண்டில்தான் இருந்தது.

அன்று அவள் ஆறரைக்கு வந்தாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். முடியாதுங்க? அப்படின்னு.”

“அவங்க?”

“முடியும், முடியும்னாங்க. தட்டிக் குடுத்தாங்க.” அண்ணி தன் தோளைத் தானே தட்டிக் காட்டினாள். “ரொம்ப நல்லவங்க.”

அண்ணன் சிரித்தான். கத்திரியால் முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை. அந்தக் குரங்கை வீட்டுக்கே அனுப்பி, அண்ணியின் தோளில் ஏற்றியிருந்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக மூலப் பதிவைத் திறந்தான். “போம்மா” முடிந்து டீச்சர் மூச்சிழுக்கும் முன் கால் நொடி அமைதி. அந்த அமைதியில் வெட்டினான். மூச்சை வெட்டாமல் விட்டுவைத்தான், கூடவே பேசுகிறவருக்கு அதுதான் தாளம், எப்போது கிளம்ப வேண்டும் என்று அதுதான் சொல்லும். கடைசி ‘து’வில் அலை மெலிந்து முழுக்க அடங்கும்வரை காத்திருந்தான்; அவசரப்பட்டால் ‘முடியாத்’ என்று வால் அறுந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு நொடி, அதே அறையின் வெறும் ஓசை. பின்னால் வருகிறவர் சொல்லி முடிக்க இடம் வேண்டுமே. வேகத்தைத் தொடவில்லை. யாரையும் கேட்காமல் பழைய கோப்பின் இடத்தில் இதை ஏற்றினான். அண்ணிக்குச் செய்தி அனுப்பினான்: “பதினாலு புதுசா இருக்கு. மூச்சிலேர்ந்து ஆரம்பிங்க.”

மதியத்துக்குள் இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார்.

“யாரைக் கேட்டு மாத்தின?”

“யாரையும் கேக்கலை சார். கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

“மூச்சு வேற வாங்குது.”

“உயிரோட இருக்கிறவங்க சார், வாங்கத்தான் செய்வாங்க.”

“கிண்டலா? நம்மகிட்டப் படிக்கிறவங்க நாலு இடத்துல வேலைக்குப் போறவங்க. பணிவாப் பேசக் கத்துக்கட்டும்.”

“பணிவு ‘இல்லைங்க’லயே வந்தாச்சு. அதுக்கப்புறம் மறுக்கிறதையாவது மறுக்கிற மாதிரி சொல்லட்டும். நீங்க ஒட்டச் சொன்னதைச் சொன்னா, கேக்கிறவங்க முடியும்னு பதில் சொல்றாங்க. சொல்லிட்டாங்க. எங்க வீட்டுலயே ஆள் இருக்கு.”

இயக்குநர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. “பழையதை ஏத்து. இப்பவே.”

கத்திரி ஒரு மூச்சு இழுத்தான். “இல்லைங்க. என்னால முடியாது.”

தரைவரைக்கும் இறங்கி உட்கார்ந்தது. டீச்சரே தோற்றுப்போகிற ‘முடியாது’. இயக்குநர் அதில் மரியாதைக் குறைவைத் தேடினார், முகத்தில் தெரிந்தது. ‘ங்க’ இருந்தது, குரல் உயரவில்லை, பையன் நிமிர்ந்து நின்றாலும் கையைக் கட்டித்தான் நின்றான். பிடிக்க ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

“வேலையை விட்டு அனுப்பிடுவேன், தெரியுமா?”

“தெரியும் சார். அனுப்பினாலும் மாத்த மாட்டேன்.”

அப்போது நடைவழியில் வேகமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவுக்கு வெளியே அண்ணி, முதியோர் இல்லத்தின் நீலச் சீருடையோடு, மூச்சு வாங்க நின்றாள். கடிகாரத்தில் ஐந்து பத்து.

“தம்பி, லேட்டா? பேரு இருக்கா?”

“இருக்கு அண்ணி. போங்க, இப்பத்தான் ஆரம்பிச்சாங்க.” போக விடாமல் அவனே கேட்டான்: “நீங்க முடியாதுன்னதும் அந்தம்மா என்ன சொன்னாங்க?”

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அந்தம்மா கேட்டதை அப்படியே, ராகம் பிசகாமல், கடைசியில் குரலை மேலே ஏற்றிச் சொன்னாள்:

“என்னங்க?”

இயக்குநருக்கு அந்த ‘ங்க’வை நன்றாக அடையாளம் தெரிந்தது.