வாளியை எடுக்காத நாள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில், சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சங்கத்து மேசையில் உட்கார்ந்து ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுப்பேன். அன்று தர்மினி வந்தாள். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் அவளுடைய குறிப்பேடு.

'கந்தசஷ்டி மூன்றாம் நாள். பிள்ளையின் கட்டிலுக்கு மேலே ஒழுகியது.' 'கார்த்திகை விளக்கீடு. இரண்டு வாளி. சுவரில் பூஞ்சணம்.' 'திருவெம்பாவை முதல்நாள். பிள்ளைக்கு மூச்சிழுப்பு. ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள்.'

தாள்களைத் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத் தேதி அச்சாகியிருந்தது. கடிதத்துக்கு வேறென்ன வேண்டும்?

"வீட்டுச் சொந்தக்காரர் வந்து பாக்கேல்லையோ?"

"வாகீசன் அண்ணை ரெண்டு தரம் வந்தவர் அக்கா. எங்கட ஊர்தான்."

"பிறகென்ன?"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "அவர் வாறார் எண்டு என்ர மனுசன் சீலிங்குக்கு வெள்ளை அடிச்சவர். நான் வாளியை ஒளிச்சு வைச்சுட்டு வடை சுட்டனான். வீடு கேவலமாக் கிடந்தா என்ன நினைப்பார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒழுகிறது அவரிட கூரை. வெக்கம் உனக்கோ?"

தேதிகளை வரிசையாக எழுதினேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததை எழுதினேன். பதினான்கு நாளுக்குள் கூரையைத் திருத்தாவிட்டால் நகர கவுன்சிலில் முறையிடுவோம் என்றும் எழுதினேன். கடைசியாக, 'நீங்கள் வருமுன் கறையின் மேல் நாங்களே வெள்ளை அடித்தோம்' என்பதையும் சேர்த்துவிட்டு, முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"ஐயோ, அதை மட்டும் வெட்டுங்கோ அக்கா."

"வெட்டினா, 'நான் வந்து பாத்தன், ஒண்டும் இல்லை' எண்டு அவர் சொல்லுவார். பிறகு உன்ர பிள்ளை அதுக்குக் கீழதான் படுக்கும்."

நீண்ட நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வியாழன் காலை தொலைபேசியில் அழைத்தாள். வெளியே நல்ல மழை.

"அண்ணை வாறாராம். வாளியை எடுக்கட்டோ?"

"தொடாதை!"

கத்திவிட்டேன். அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. சின்னப் பெண்ணை எல்லோர் முன்னும் நிறுத்தி அவமானப்படுத்தியது போல மனம் உறுத்தியது.

சனிக்கிழமை தர்மினி வந்தாள்.

"அண்ணை தேத்தண்ணி குடிக்கேல்லை அக்கா. கடிதத்தைக் கையில வைச்சுக்கொண்டு வாளியையே பாத்துக்கொண்டு நிண்டவர். 'தங்கச்சி, ஏன் எனக்கு ஒளிச்சனி' எண்டு கேட்டவர். நான் அழுதுட்டன். பிறகு தானே குனிஞ்சு பிள்ளையின்ர கட்டிலை மற்றச் சுவர்ப் பக்கம் இழுத்து வைச்சவர். செவ்வாய்க்கிழமை கூரைக்காரர் வருகினம்."

என் முன்னால் ஒரு நாட்காட்டித் தாளை வைத்தாள். வியாழக்கிழமைத் தாள். பின்பக்கம் ஒரே வரிதான் இருந்தது.

'இன்று வாளியை எடுக்கவில்லை.'

அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. மற்றத் தாள்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.