ஒன்பதாவது இடம்

மருத்துவமனை நிதி மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பூஜ்ஜியம். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து மனிதர் வாயைத் திறந்தால் 'பூஜ்ஜியத்திலிருந்து பட்ஜெட்' என்பதுதான். போன வருடச் செலவை அடியோடு மறந்துவிட வேண்டுமாம். ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று முதலிலிருந்து எழுதி, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டுமாம். இருக்கிற பணம் எங்கே தீர்கிறதோ அங்கே கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது போச்சு!

அந்த மேதாவித்தனத்தை முதலில் அவிழ்த்துவிட்டது, அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில். பொறுப்பாளரம்மா மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கழுவுதல், சோதித்தல், பொட்டலம் கட்டுதல், நீராவியில் வைத்தல் என்று ஒன்பது வேலை. ஒன்று நின்றாலும் மற்றவை வீண். படிவம் கேட்டால்தானே! கடைசியில் இரவுப் பணியாளரை ஒன்பதாவதாக எழுதினார். பூஜ்ஜியம் எட்டுக்குக் கீழே கோடு போட்டார். இரவில் அவசர அறுவை வந்தால் கருவி கிடையாது. அந்த ஆளுக்கு வேலையும் கிடையாது.

விளம்பரப் பிரிவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. போன வருடத் தொகையோடு பத்து சதவீதம் கூட்டினார்கள், முடிந்தது. அதன் தலைவர் பூஜ்ஜியத்தின் மச்சான்.

இயக்குநர் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பொறுப்பாளரம்மா விளம்பரப் பிரிவின் பட்டியலைக் கையில் எடுத்தார்.

"விளம்பரத்துக்குப் போன வருஷம் நாப்பது லட்சம். அதுல பதினஞ்சு லட்சம் ஐம்பதாம் ஆண்டு விழாச் செலவு. அதையும் சேர்த்து வச்சு இப்ப நாப்பத்திநாலு. ஏன் சார், நமக்கு வருஷா வருஷம் ஐம்பது வயசாகுமா?"

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மச்சான் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"அப்ப உங்க பிரிவுல மட்டும் பழைய வீண்செலவு இருக்காதா?" என்று பூஜ்ஜியம் சீறினார்.

"இருக்கலாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ முதல்லேருந்து கிளறிப் பாருங்க, நானே உதவி பண்றேன். மத்த வருஷம் எங்க வேலை மாறாது. விலைவாசி ஏறினதக் குடுத்தா போதும். எதை வச்சுக்கலாம், எதை விடலாம்னு யோசிக்க இடம் இருக்கிறது விளம்பரத்துலதான். உங்க படிவத்த அங்க நீட்டுங்க."

இயக்குநர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பிரிவுக்கும் முறையை மாத்திப் போடுங்க. ராத்திரி ஆள் இருக்கட்டும்" என்றார். மூன்று வார வதை அரை நிமிடத்தில் தீர்ந்தது. தூ, இதற்கா இவ்வளவு!

கூட்டம் கலைந்ததும் பூஜ்ஜியம் வாசல்வரை பின்னாலேயே வந்து பல்லிளித்தார்.

"மேடம், மச்சானுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. உங்க ஆள் யாராவது ஒருத்தர அனுப்புங்களேன்."

"ஒருத்தன்தான் சும்மா இருக்கான் சார். ஆனா அவன் ராத்திரி வேலை பாக்கிறவன், இப்ப தூங்குறான்."