காலர் சுருங்கிய கதை

தையல் அறையில் அன்று இருந்தவர்கள் யூடியூபில் தையல் சேனல் நடத்தும் என் மகள், கேமரா பிடிக்கும் மாப்பிள்ளை, குடும்ப மானத்தைக் காக்கும் நான். மறுநாள் மகளின் கட்டண வகுப்பு தொடக்கம்.

இலவச வீடியோக்களுக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன். சட்டைக் காலர் ஏன் சுருங்குகிறது என்று ஒருவர் கேட்டார். "கட்டண வகுப்பில் சேர்ந்தால் தெரியும்" என்று கம்பீரமாக எழுதினேன். கேட்ட எல்லோருக்கும் அதே பதில்தான். ஓசியில் கேட்டால் கொடுத்துவிடுகிற குடும்பமா நம்முடையது?

மகள் ஃபோனைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, ஏமாத்துக்காரின்னு திட்றாங்க! இலவச வீடியோவைப் பார்த்தே ஒருத்தர் முழுச் சட்டை தைக்கணும். அப்பதான் என்னை நம்பி வகுப்புக்கு வருவாங்க."

"அப்புறம் காசு எதுக்கு?"

"அவங்க தைச்சதை வாங்கிப் பார்த்து, தப்பைத் தனித்தனியா திருத்துறதுக்கு."

"மானத்தை ரொம்பவே காப்பாத்திட்டீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை.

ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கழுத்து வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டுக் காலரைப் பொருத்தினால் சுருங்காது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். காலர்க்காரர் மறுநாள் வகுப்பிலேயே சேர்ந்துவிட்டார்.

வகுப்பு தொடங்கியதும் இலவச வீடியோக்களை நீக்கிவிட்டோம் என்று உறவில் பேச்சு. தவறு. ஒரு வீடியோவும் நீக்கப்படவில்லை. பதில் எழுதும் வேலையிலிருந்து நான்தான் நீக்கப்பட்டேன்.