போடப்பட்டது

வட்டக்கச்சியில் தண்ணீரால் தொற்றும் நெருப்புக் காய்ச்சல் பரவியிருந்தது. பொதுக்கிணற்றை இறைத்து மருந்து போடுவதென மாதர் சங்கம் தீர்மானித்தது. செயலாளர் நேசமலர் கூட்ட அறிக்கை எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினாள்.

பத்தாம் நாள் தலைவி கமலாசனி ஓடி வந்தார்.

"பிள்ளை, மருந்து ஆர் போட்டது?"

"ஒருத்தரும் இன்னும் போடேல்லை, அக்கா."

"'போடப்பட்டது' எண்டெல்லோ எழுதியிருக்கிறாய்! அதை நம்பிச் சனம் அள்ளிக் குடிக்குது. என்ர மகளும் குடிச்சவள். காலமை தொடக்கம் காய்ச்சல்."

நேசமலர் பழைய அறிக்கையைக் கிழித்தெறிந்து, புதிதாக எழுதினாள்: "கிணற்றுக்கு மருந்து போடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. இன்னும் போடப்படவில்லை. ஊர்க் கிணறுகளை இறைக்கும் ஏரம்பு நாளை காலை இதையும் இறைத்து மருந்து போடுவார். அதுவரை ஒருவரும் குடிக்க வேண்டாம்."

ஏரம்பு சொன்னபடி போட்டார். கமலாசனியின் மகள் மூன்று கிழமை கழித்தே எழுந்து உட்கார்ந்தாள். அதுவரை நேசமலர் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, உள்ளே யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.