மஞ்சள் சீட்டு

முட்டி வலியோடுதான் பெரியதம்பி அன்றைக்கு எழுந்தான். ராத்திரி பெய்த மழையில் கொட்டகை ஒழுகி, ஈரச் சாக்கின் மேல் படுத்த வலி. காலை மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை. ஒரு சொம்பு கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே குழிக்குப் போனான்.

திண்டிவனத்துக்கு வெளியே, ஓடையின் மேல் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தென்கரைத் தூணுக்கு அஸ்திவாரக் குழி தோண்டி இரண்டு ஆள் ஆழம் போயிருந்தது. மேலே களிமண், கீழே மணல். தோண்டிய மண்ணைத் தூரமாகக் கொட்ட ஆள் போதாமல் குழியின் தெற்கு விளிம்பிலேயே குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலுக்கு அப்பால், குழிக்கு இணையாக, தரையில் ஒரு கோடு ஓடியிருந்தது. நேற்று அது இல்லை. பெரியதம்பி குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். விரல் முழுசாக இறங்கியது.

வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து வெடிப்பின் குறுக்கே பாலம் போல வைத்தான். வெடிப்பு அகலமானால் குச்சி உள்ளே விழும்.

அம்சா கூடையைத் தலைகீழாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். சித்தாள்களில் அவள்தான் வாய்க்காரி. குச்சியையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள்.

"இன்னாண்ணே, குச்சி வச்சி வெளயாடிக்கினு இருக்க?"

"மண்ணு வெடிச்சிருக்குது. பலகை அடிச்சி முட்டுக் குடுக்காம எறங்கக் கூடாது."

"அப்ப எறங்கல. கூலி?"

அதுதான் சிக்கல். வேலையை நிறுத்த என்ஜினீயர் வேங்கடேசன் சொல்ல வேண்டும். மேஸ்திரி பெரியதம்பி தானாக நிறுத்தினால் அந்த வேளைக்குக் குழி ஆட்கள் ஏழு பேருக்கும் கூலி எழுத மாட்டார்கள். போன மாதம் இடி மின்னலுக்குப் பயந்து நிறுத்தியதற்கே எழுதவில்லை. வேங்கடேசன் இருப்பது விழுப்புரத்தில், கம்பெனி ஆபீசில். ஜல்லி லாரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"மேல நின்னா கூலி இல்ல, கீழ எறங்குனா உசுரு இல்ல" என்றாள் அம்சா. "எழுதிக் கேளு. லாரி கெளம்பப் போவுது."

பெரியதம்பி கொட்டகைக்குள் போய் சீட்டுக் கட்டுகளை எடுத்தான். மூன்று நிறத்தில் மூன்று கட்டு.

இந்த நிறச் சீட்டு வேங்கடேசன் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நாலு சைட்டிலிருந்தும் வரும் சீட்டுகள் ஆபீஸ் மேசையில் ஒரே குவியலாகக் கிடக்கும். ஒருமுறை சிமெண்டு தீர்ந்துபோன சேதி, யாரோ ஒருவர் லீவு கேட்ட சீட்டுக்கு அடியில் மூன்று நாள் கிடந்தது. கலவை பாதியில் நின்றது. அதற்குப் பிறகுதான் நிறம் வந்தது. சிவப்பு என்றால் அவசரம்: டிரைவர் அதை நேராக என்ஜினீயர் கையில் கொடுக்க வேண்டும், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. மஞ்சள் என்றால் இன்றைக்கே பதில் வேண்டும்: ஆபீஸ் தட்டில் போட்டால் போதும், சாயங்கால லாரியில் பதில் வந்துவிடும். வெள்ளை என்றால் தகவலுக்கு மட்டும்: கட்டி வைத்து சனிக்கிழமை பார்ப்பார்கள், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முதல் வாரம் எல்லாரும் சிவப்பிலேயே எழுதினார்கள். சிவப்பைத்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வேறு எதில் எழுதுவார்கள்? டீத்தூள் தீர்ந்ததும் சிவப்பில் போயிற்று. பெரியதம்பி கயிறு கேட்டு ஒரு சிவப்பு அனுப்பினான். வேங்கடேசன் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து வந்து படித்தார். திண்டிவனம் கடைத்தெருவில் கிடைக்கிற கயிறு. அன்றைக்கே ஆபீஸ் வாசல் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: 'சிவப்பைத் தவறாகப் பயன்படுத்தியவர்: பெரியதம்பி. பொருள்: கயிறு.'

ஒரு மாதம் ஆகியும் அதை யாரும் அழிக்கவில்லை. லாரி டிரைவர் சவுரிராயன் சைட்டுக்குள் நுழையும்போதே "இன்னா கயிறு மேஸ்திரி, கழுத்துக்கா, கப்பிக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்குவான்.

பெரியதம்பி சிவப்புக் கட்டைத் தொட்டான். வைத்துவிட்டான். மஞ்சளில் எழுதினான்: 'தெற்குக் குழி விளிம்பில் மண் வெடிப்பு. விரல் நுழைகிறது. முட்டுப் பலகை வேண்டும். வேலையை நிறுத்தலாமா? பதில் வேண்டும்.'

அம்சாவுக்குப் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும்.

"ஏண்ணே மஞ்சள்ல எழுதுன?"

"செவப்புல எழுதுனா திட்டுத்தான் வரும். மஞ்சளுக்குப் பதிலு வரும். மண்ணுன்னு பாத்தா சாயங்காலம் வரைக்கும் வைக்க மாட்டாங்க, மத்தியான லாரியிலயே வந்துடும் பாரு."

"பலகையில பேரு எழுதுனதுக்கு இப்படிப் பயப்படுறியே. நான் பயந்திருந்தா என் மாமியா ஊட்டுல ஒரு வேளை சோறு தின்னிருக்க முடியுமா?"

பக்கத்தில் நின்ற சித்தாள் பாஞ்சாலி சிரித்தாள். பெரியதம்பி சிரிக்கவில்லை. சவுரிராயன் சீட்டை வாங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பதில் வரும்வரை குழியின் வடக்கு மூலையில் மட்டும் இறங்கச் சொன்னான் பெரியதம்பி. தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜின் தெற்கு விளிம்பில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். நாலு ஆளும் கீழே இருந்தார்கள். கூலியாள் ராயப்பன் மண் வெட்டினான், பெண்கள் கூடை மாற்றி மாற்றி மேலே கொடுத்தார்கள். பெரியதம்பி வெடிப்புக்கும் ரோட்டுக்குமாக நொண்டி நடந்துகொண்டிருந்தான். ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான்.

உச்சி வெயிலில் சவுரிராயன் ஜல்லியோடு திரும்பி வந்தான்.

"பதிலு?"

"எந்தப் பதிலு?"

"காலையில குடுத்தேனே, மஞ்சள்."

"மஞ்சளுக்குச் சாயங்காலந்தானே மேஸ்திரி. தட்டுல போட்டேன். கிளார்க்கு கண்ணையன் சார் எடுத்துக்கினு உள்ள போனாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"மண்ணு வெடிச்சிருக்குதுன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதுல எழுதியிருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கலரு மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. செவப்பா இருந்தா அவரு கக்கூசுல இருந்தாக்கூட கதவத் தட்டியிருப்பேன்."

பெரியதம்பி நொண்டிக்கொண்டே வெடிப்புக்கு ஓடினான். குச்சியைக் காணோம். உள்ளே விழுந்து கிடந்தது. ஒரு விரல் நுழைந்த இடத்தில் இப்போது உள்ளங்கை நுழைந்தது.

"ஏறுங்க! எல்லாம் மேல ஏறுங்க! கூடையப் போட்டுட்டு ஏறுங்க!"

ராயப்பன் மண்வெட்டியை எடுக்கத் திரும்பினான். "அத வுட்டுத் தொலை!" என்று பெரியதம்பி கத்தினான். ஏணியில் கடைசியாக ஏறியவள் அம்சா. கால் முழுக்கச் சேறு. வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"நிறுத்தச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. நான் நிறுத்துறேன்."

"அரை நாள் கூலி போச்சு" என்றான் ராயப்பன்.

பெரியதம்பி சிவப்புச் சீட்டை எடுத்தான். எழுதினான்: 'தெற்குக் குழி விழப்போகிறது. ஆட்களை ஏற்றிவிட்டேன். உடனே வரவும்.' சவுரிராயன் ஜல்லியைக்கூட இறக்கவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பினான். இந்த முறை கயிற்றைப் பற்றி எதுவும் பேசவில்லை.

லாரி கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் குழியின் தெற்கு விளிம்பு சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பிரித்த சிமெண்டு மூட்டை சாய்வது போல மண் குவியல் உள்ளே போனது, கூடவே டீசல் என்ஜின். வடக்கு மூலையில் அம்சா போட்டுவிட்டு வந்த கூடை, ராயப்பனின் மண்வெட்டி, எல்லாவற்றின் மேலும் சேறு ஏறியது. பாஞ்சாலி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்சா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு பேரும் மேலே இருந்தார்கள்.

மூன்று மணி வாக்கில் வேங்கடேசன் ஜீப்பில் வந்து இறங்கினார். குழியைச் சுற்றி நடந்தார். வெடிப்பு ஓடியிருந்த இடத்தில் இப்போது வெறும் பள்ளம்.

"காலையிலயே ஏன் சிவப்புல எழுதலை?"

அம்சாதான் பதில் சொன்னாள்.

"எப்படி எழுதுவாரு? அவரு பேரத்தான் தெருவுக்குத் தெரியறாப்பல எழுதி வச்சிருக்கீங்களே சார்."

"கயிறும் மண்ணும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணு இல்ல சார்" என்றான் பெரியதம்பி. "ஆனா எது செவப்புன்னு எனக்கு யாரும் சொல்லலை. எது செவப்பு இல்லன்னுதான் பலகையில இருக்குது."

வேங்கடேசன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். காலையில் போன அதே சீட்டு. அடியில் அவர் கையெழுத்தில் பதில் இருந்தது: 'வேலையை உடனே நிறுத்தவும். யாரும் குழியில் இறங்கக் கூடாது.'

"பதினோரு மணிக்கே எழுதிட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பதில் தட்டுல வச்சேன். மஞ்சளுக்குப் பதில், மஞ்சள் கட்டோட சாயங்காலம் போகும்னு கண்ணையன் வச்சுட்டார்."

"பதினோரு மணிக்கு நான் ஆபீசு வாசல்லதான் சார் நின்னேன்" என்றான் ஜீப்புக்குப் பின்னாலேயே லாரியில் வந்திருந்த சவுரிராயன். "டீ குடிச்சிக்கினு இருந்தேன்."

கேள்வி மஞ்சள் என்பதால் பதிலும் மஞ்சள் ஆகிவிட்டது. உடனே நிறுத்து என்கிற உத்தரவு, லாரி கிளம்பும்போது அறைக்குள் தட்டில் கிடந்தது. அதை எழுதியவருக்கே அதைச் சிவப்பாக்கத் தோன்றவில்லை.

மறுநாள் கரும்பலகையை அழித்தார்கள். புதிதாக எழுதினார்கள்: ஆள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சிவப்பு. தவறாகப் போனாலும் கேள்வி கிடையாது. பதிலின் நிறம், பதிலில் உள்ள விஷயத்தைப் பொறுத்தது, கேள்வியின் நிறத்தைப் பொறுத்தது அல்ல. நல்ல ஏற்பாடுதான். அதன் பிறகு அந்தக் கம்பெனியில் சிவப்பு வந்தால் எல்லாரும் எழுந்தார்கள்.

குழி சரிந்த அன்றைக்கே, வேங்கடேசன் ஜீப்பில் ஏறப் போகும்போது அம்சா அவரை மறித்தாள்.

"சார், நீங்க பதினோரு மணிக்கே நிறுத்தச் சொல்லிட்டீங்க. அப்ப மத்தியானத்துக்கு மேல நாங்க சும்மா நின்னது எங்க தப்பு இல்லியே. அரை நாள் கூலி உண்டா, இல்லியா?"

"உண்டும்மா. கணக்குக்கு எழுதறேன்."

அங்கேயே ஜீப்பின் முகப்பில் வைத்து எழுதினார். பெரியதம்பியின் கட்டுகளிலிருந்து கைக்கு வந்ததைக் கிழித்து எழுதி, சவுரிராயனிடம் கொடுத்தார். ஜீப் போன பிறகுதான் அம்சா சவுரிராயனின் தகர டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, வெள்ளையாட்டம் இருக்குது."

பெரியதம்பி எடுத்துப் பார்த்தான். 'தெற்குக் குழி ஆட்கள் ஏழு பேருக்கும் அரை நாள் கூலி தரலாம்.' வெள்ளைதான். தகவலுக்கு மட்டும். என்ஜினீயர் கையெழுத்துப் போட்டதை மேஸ்திரி எப்படி வேறு சீட்டில் மாற்றி எழுதுவது? டப்பாவிலேயே போட்டுவிட்டான்.

சனிக்கிழமை சம்பளத்தில் அரை நாள் குறைந்தது. பெரியதம்பி மஞ்சளில் எழுதிக் கேட்டான். அன்று சாயங்காலமே பதில் வந்தது: 'பரிசீலனையில் உள்ளது.' மறுவாரமும் கேட்டான். அதே பதில், அதே நாளில், ஒழுங்காக வந்தது. சிவப்பில் எழுதச் சொன்னாள் அம்சா. கூலிப் பாக்கி உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லி பெரியதம்பி சிவப்பைத் தொடவில்லை.

"இல்லன்னு நீ சொல்ற" என்றாள் அம்சா.

தை மாதம் பாலம் முடிந்தது. ஆட்கள் கடலைக் காடுகளுக்கு மல்லாட்டை பிடுங்கப் போனார்கள். வேங்கடேசனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தெற்குக் குழியில் நின்ற ஏழு பேருக்கும் கம்பெனி அரை நாள் கூலி தர வேண்டும். இன்னும் தரவில்லை.