பதினைந்து நிமிடம் போதும் என்றேன்

இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கான அழைப்பு கணினித் திரையில் வந்து நின்றபோது, இரத்தப் பரிசோதனைக் கருவியில் புதிய வேதிப்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அளவைத் திருத்தி, சரிபார்ப்பு மாதிரிகளை ஓட்டி, முடிவுகள் ஒத்துவந்த பிறகே நோயாளிகளின் அறிக்கைகள் வெளியே போகலாம். கூட்டமும் அதே நேரத்தில்தான்.

ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் நான். அழைத்தவள் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர். என் கணவரின் தங்கை.

அழைப்பை மறுத்து, காரணத்தையும் எழுதினேன்: "அந்த நேரத்தில் கருவியை விட்டு வர இயலாது. எனக்குரியது ஒரே கேள்வி: என் பரிசோதகர்கள் இருவரைப் புதிய கிளைக்கு மாற்றுவதா, கூடாதா என்பது. அதை நாளை மாலை நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடத்தில் பேசி முடிக்கலாம். என் தரப்பை அரைப் பக்கத்தில் இணைத்துள்ளேன்."

சற்று நேரத்தில் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, மறுக்கறதுலகூட இவ்வளவு ஒழுங்கா? எங்க அண்ணன் எப்படித்தான் வீட்டுல வாயத் திறக்கறாரோ!"

"அவர் திறக்கறதே சாப்பிடத்தானே. சரி, அந்த விஷயத்த நான் இல்லாம எடுக்க மாட்டீங்கல்ல?"

"சத்தியமா எடுக்க மாட்டோம். நான் இருக்கேன்ல?"

அவள் இருக்கிறாள் என்று நிம்மதியாகக் கருவியின் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் சரிபார்ப்பு முடிவுகள் ஒத்துவந்தன. அறிக்கைகள் தாமதமின்றிப் போயின. நான்கு மணிக்கு அவள் அறைக்குச் சென்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைக் காட்டினாள்.

"அண்ணி, அது காலையிலயே முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் திங்கட்கிழமை அங்க போறாங்க."

"என் அரைப் பக்கத்த யாராவது படிச்சாங்களா?"

"உங்க கருத்து என்னன்னு இயக்குநர் கேட்டாரு. வராதவங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னுதானே எப்பவும் எடுத்துப்போம்? அண்ணிக்கு இதெல்லாம் பெரிசா படலன்னு சொன்னேன். வர நேரமில்லன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"கருவிய விட்டு வர முடியாதுன்னு எழுதினேன்."

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "இயக்குநரோட தங்கச்சிதான் புதுக் கிளைக்குப் பொறுப்பு. ஆளில்லாம அவங்க தவிக்கும்போது நான் எப்படிக் குறுக்க நிக்க முடியும்?"

கீழே ஆய்வகத்தில் என் பரிசோதகர்கள் இருவரும் நாளைக்கான பணியைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போய்விட்டால் இரவுப் பணிக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார். நான் அவள் அறைக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பதினஞ்சு நிமிஷத்துல இன்னும் மீதி இருக்கு. இப்பவே இயக்குநர்கிட்டப் போவோம். எனக்கு ஆட்சேபம் உண்டுன்னு என்னை வச்சுக்கிட்டுச் சொல்லு."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள்.

"இப்ப முடியாது அண்ணி, எனக்கு வேற கூட்டம் இருக்கு. சுருக்கமா அரைப் பக்கம் எழுதி அனுப்புங்க. பார்க்கறேன்."