ஐம்பது புள்ளிக்குள்

ஆட்டத்தில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை என்று முப்பதாயிரம் ஆட்டக்காரர்களுக்கு ஹஃப்ஸா தன் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்திருந்தாள். எழுதச் சொன்னவர் முதலாளி தியாகராசன். "நீங்க எழுதினா நம்புவாங்க" என்றார். அந்த வார்த்தையில் உச்சி குளிர்ந்துதான் எழுதினாள், பாவம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அவர்கள் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். அவர்கள் செய்த ஒரே உருப்படியான சாமான் 'மடைக்காவல்' என்கிற மொபைல் கேம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். ஆளுக்கொரு மடை. தன் மடையைக் காத்துக்கொண்டு எதிரி மடையை உடைக்க வேண்டும். மூன்றில் ஒன்று உடைந்தாலும் அந்த அணி காலி.

யாரை யாரோடு மோத விடுவது என்பதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். தன்னைவிடப் பெரிய ஆளை ஜெயித்தால் நிறைய ஏறும். காத்திருப்பவர்களில் ஆறு பேரை எடுத்து, இரண்டு அணிகளின் சராசரியும் ஐம்பது புள்ளிக்குள் நெருங்கி வருகிற மாதிரி பிரிப்பார்கள். இந்தக் கணக்கு முழுக்க ஹஃப்ஸா போட்டது. அப்படிப் பிரித்த பல ஜோடிகளில் எதை ஓட விடுவது என்று கடைசியில் பொறுக்குகிற வேலை, பக்கத்து மேஜை அரவிந்தனுடையது.

மூன்று மாதமாகப் புகார் வந்துகொண்டே இருந்தது. 'வேணும்னே தோக்க வைக்கிறீங்க' என்று பழைய ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஹஃப்ஸா பத்தாயிரம் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஐம்பது புள்ளியைத் தாண்டவில்லை. 'சமமான ஆட்களோடு ஆடினாலும் தொடர்ந்து ஆறு முறை தோற்பது சகஜம்தான், நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள்' என்று அறிக்கையில் விளக்கினாள். அதுவும் உண்மைதான்.

புகார் சொன்னவர்களில் அவளுடைய சொந்த அண்ணனும் ஒருவர். அதிராம்பட்டினத்து வழக்கப்படி அவளுக்குக் காக்கா. ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் இருக்கிறார். தங்கை செய்த கேம் என்பதற்காகவே இரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் ஆடுகிற மனுஷன். ஆயிரத்து எண்ணூறில் இருந்த அவர் புள்ளி, மூன்று மாதத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு வந்துவிட்டது.

"என்னமோ சரியில்ல ஹஃப்ஸா. உள்ள போகும்போதே தோத்துட்ட மாதிரி இருக்கு" என்றார் போனில்.

"கணக்கு தப்பாது காக்கா. உங்க ஆட்டம்தான் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சொன்ன பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சராசரியை ஒதுக்கிவிட்டு, காக்கா ஆடிய முந்நூறு ஆட்டங்களில் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஒரு ஆட்டத்தில், ஒரு பக்கம் ஆயிரத்து அறுநூறில் மூன்று பேர். எதிரே காக்கா ஆயிரத்து அறுநூறு, இன்னொருவர் இரண்டாயிரத்து நூறு, மூன்றாமவர் ஆயிரத்து நூறு. சராசரி அச்சாக ஒன்றுதான். ஆனால் ஒரு மடை உடைந்தாலே முடிந்துபோகிற ஆட்டத்தில் இரண்டாயிரத்து நூறை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிரிகள் நேராக அந்த ஆயிரத்து நூறின் மடைக்குப் போனார்கள். போதாக்குறைக்கு அந்த எதிரிகள் மூவரும் சேர்ந்தே உள்ளே வந்த சிநேகிதர்கள், போனில் பேசிக்கொண்டே ஆடுகிறவர்கள். காக்கா பக்கத்தில் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. அதிலும் எதிரணி மூவரும் கேமுக்குப் புதுசு. நாலைந்து ஆட்டத்தில் வந்த புள்ளி அவர்களுடைய நிஜத் திறமையைக் காட்டாது. அது வெறும் ஊகம்.

இப்படி ஒரு ஆட்டம் அமைந்தால் துரதிர்ஷ்டம். முந்நூறில் இருநூற்று நாற்பது இப்படி இருந்தது. தோற்கத் தோற்கப் புள்ளி இறங்கியது. இறங்கிய புள்ளியைப் பார்த்துத்தான் ஆட்டம் குறைந்துவிட்டது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அநியாயத்தையே அளவுகோலாக வைத்து ஆளை அளந்திருக்கிறாள்.

அரவிந்தன் எழுதிய பகுதியைத் திறந்தாள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நேரே, அவர் கேமை விட்டுப் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண் இருந்தது. போகக்கூடிய புது ஆளுக்கு வசதியான பக்கம். போக மாட்டார் என்று தெரிந்தவருக்கு ஓட்டைப் பக்கம். எல்லாம் ஐம்பது புள்ளிக்குள்ளேயே.

"இது என்ன அரவிந்தன்?"

அவன் திரையைப் பார்த்தான். மறைக்கவில்லை. "சார் சொன்னாரு. புதுசா வர்றவங்க பத்து மேட்ச்ல ஓடிடுறாங்க. அவங்க ஜெயிக்கணும்னா யாராவது தோக்கணும்ல."

"யார் போக மாட்டாங்கன்னு எத வச்சு முடிவு பண்ணுன?"

"நீங்க சொன்னதுதான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீங்கள்ல, எங்க காக்கா மாதிரி ஆளுங்க எத்தன தடவ தோத்தாலும் மறுநாள் வந்துடுவாங்கன்னு. அவரோட கேம் ஐடியத்தான் மாதிரியா எடுத்து, அவரப் போல தினமும் வர்றவங்கள எல்லாம் பிரிச்சேன்."

அன்றைக்கு அவன் டப்பாவில் தன் வீட்டு இறால் பொரியலைப் போட்டுவிட்டு, காக்காவைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷம் ஒரே மேஜையில் சோறு தின்றவன். எழுந்து நேரே தியாகராசன் அறைக்குப் போனாள்.

அவர் நிதானமாகக் கேட்டார். "நீங்க எழுதினதுல ஒரு வரி பொய் இருக்கா? ஐம்பது புள்ளிய நாங்க தாண்டலியே."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க. உட்காருங்க, தண்ணி குடிங்க."

அவள் உட்காரவில்லை. தன் இடத்துக்கு வந்து, முப்பதாயிரம் பேர் பார்க்கிற அந்தப் பக்கத்தில் பழைய அறிக்கையை அழித்தாள். நடந்ததை உள்ளபடி எழுதினாள். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, கீழே தன் பெயரைப் போட்டு வெளியிட்டாள். யாரும் கூப்பிடுவதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, ஊருக்குப் போக பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றாள்.

ஷார்ஜாவில் ஜும்ஆ தொழுகை முடிந்திருக்கும். காக்காவுக்குப் போன் போட்டாள். சராசரி, சிநேகிதர்கள், ஓட்டை மடை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் தான் உளறியதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்க நல்லாத்தான் ஆடியிருக்கீங்க காக்கா. நான் சொன்னதுதான் தப்பு."

"அப்ப என் கையில கோளாறு ஒண்ணுமில்லையா?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"என்ன கோளாறு?"

"பன்னெண்டு வருஷமா கிரேன் ஓட்டுறேன். ஆட்டத்துல ஒரு மடையக்கூட நிறுத்த முடியலியே, கை மந்தமாயிடுச்சோன்னு ஒரு சந்தேகம். நீயும் கணக்கு தப்பாதுன்னு சொன்னியா, பயந்துட்டேன். கீழ ஆளுங்க நிக்கிறாங்க, எதுக்கு வம்புன்னு போன மாசம் நானே எழுதிக் குடுத்துட்டு ஸ்டோருக்கு மாறிட்டேன்."

பஸ் வந்து நின்றது. ஹஃப்ஸா ஏறவில்லை.

"திரும்பக் கேட்டுப் பாருங்க காக்கா."

"அந்த எடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு" என்றார் அவர். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உன் முதலாளி மேலயும் அந்தப் பையன் மேலயும் எனக்கு ஒண்ணுமில்ல ஹஃப்ஸா. அவங்க யாரோ. நான் உன் பேச்சக் கேட்டுத்தான் எறங்குனேன்."